மரக்கப்பலைத் தண்ணீரிலிருந்து தரையில் உட்கார வைப்பது: உலர்துறையும் ஓதக் குளமும், கேள்வி பதில்

பாய்மரக் காலத்துப் பெரிய மரக்கப்பல்களைப் பற்றிப் படிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உலர்துறையில் எத்தனையோ வேலைகள் நடக்கும். அவற்றில் ஒன்றைத்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்: இரண்டாயிரம் டன் மரத்தை இதுவரை தாங்கிய தண்ணீரிடமிருந்து வாங்கி, ஒரு வரிசைக் கட்டைகளிடம் ஒப்படைக்கும் அந்த இரண்டு மணி நேரம். உலர்துறையின் வடிவம், கதவு, படிகள், பக்கத்துக் குளம் எல்லாமே அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் அப்படி அமைந்திருக்கின்றன.

உலர்துறை என்றால் என்ன? பெரிய குழி, அவ்வளவுதானா?

குழிதான், ஆனால் கடலோடு சேர்ந்த பக்கத்தில் கதவு வைத்த குழி. கதவைத் திறந்தால் கடல் உள்ளே வரும், அதோடு கப்பலும் மிதந்து வரும். கதவை மூடித் தண்ணீரை வெளியேற்றினால் கப்பல் குழியின் தரையில் வரிசையாக அடுக்கிய கட்டைகள் மேல் உட்காரும். வேலை முடிந்ததும் தண்ணீரை உள்ளே விட்டால் கப்பல் எழுந்து மிதக்கும்.

தரையின் நடுவில், நீளவாக்கில், ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாகக் கட்டை அடுக்குகள் இருக்கும். கப்பலின் முதுகெலும்பான ஏரா இவற்றின் மேல்தான் அமரும். அடுக்கு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரம். அதற்குக் குறைந்தால் கப்பல் தச்சரான ஓடாவி கப்பலுக்கு அடியில் குனிந்து புகுந்து சுத்தியல் வீச முடியாது. இருபுறச் சுவர்களும் செங்குத்தாக இல்லாமல் படிப்படியாக மேலே விரியும். பார்ப்பவர்கள் அதை இறங்கி ஏற வைத்த படி என்று நினைப்பார்கள். அதன் முதல் வேலை வேறு: கப்பல் சாயாமல் பக்கத்தில் கொடுக்கும் முட்டு மரங்களின் மறுமுனை அந்தப் படிகளில்தான் ஊன்றும். எந்த உயரத்தில் முட்டு தேவைப்பட்டாலும் அந்த உயரத்தில் ஒரு படி இருக்க வேண்டும்.

இதை முதலில் யார் செய்தார்கள்?

எழுத்தில் தெளிவாகக் கிடைக்கும் பழைய செய்திகளில் ஒன்று சீனாவிலிருந்து வருகிறது. 11ஆம் நூற்றாண்டில் சோங் அரசின் தலைநகரில் இருந்த ஏரியில், அரசரின் நாக வடிவக் கப்பல்களின் அடிப்பாகம் உளுத்துப் போயிருந்தது. அவற்றைத் தண்ணீரில் வைத்துப் பழுதுபார்க்க வழியில்லை. ஏரிக்கரையில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் தூண்கள் மேல் உத்தரங்களை நிறுத்தி, ஏரித் தண்ணீரை உள்ளே விட்டுக் கப்பலை உத்தரங்களுக்கு மேலே கொண்டுவந்து, பிறகு தண்ணீரை இறைத்தார்கள். கப்பல் உத்தரங்களில் அமர்ந்தது. இதை ஷென் குவோ என்ற அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். இன்றைய உலர்துறையின் எல்லா உறுப்புகளும் அந்த விவரிப்பில் இருக்கின்றன. ஏரி என்பதால், கடல் மட்டம் தினமும் ஏறி இறங்கும் ஓதம் மட்டும் இல்லை.

இங்கிலாந்தில் ஏழாம் ஹென்றி காலத்தில், 1495இல் போர்ட்ஸ்மத்தில் ஒன்று கட்டினார்கள். அதன் வாசலில் இரண்டு மரச்சுவர்கள் எழுப்பி, இடையில் களிமண்ணும் கூழாங்கல்லும் திணித்து அடைத்தார்கள். ஒவ்வொரு முறை கப்பலை வெளியே விடவும் அந்த அடைப்பைத் தோண்டி எடுக்க வேண்டும். சுலபமாகத் திறந்து மூடும் கதவு வந்த பிறகுதான் உலர்துறை அன்றாடக் கருவி ஆனது.

கதவு எப்படிக் கடலைத் தாங்குகிறது?

இரண்டு கதவுகள் நடுவில் சந்திக்கும்போது நேர்கோடாக இல்லாமல் கடல் பக்கம் நோக்கிக் கூம்பியிருக்கும். கடல் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு இறுக்கமாக இரண்டும் ஒன்றோடொன்று நெருங்கும். 16 மீட்டர் அகல வாசலில், வெளியே ஆறரை மீட்டர் தண்ணீரும் உள்ளே வெறும் தரையும் இருக்கும்போது கதவின் மேல் விழும் சுமை ஏறத்தாழ 350 டன். மரக்கதவு என்றால் இடுக்கில் கசிவு இருந்தே தீரும். கதவின் வெளிப்புறத்தில் சாம்பலையோ மரத்தூளையோ தண்ணீரில் தூவினால் கசியும் நீரே அதை இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு போய் அடைத்துவிடும்.

பிற்காலத்தில் கதவுக்குப் பதிலாக ஒரு மிதவையைச் செய்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, அதற்குள் தண்ணீர் விட்டு மூழ்கவைக்கும் முறை வந்தது. போர்ட்ஸ்மத்தில் கடற்படைப் பொறியாளர் சாமுவேல் பெந்தம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதைக் கொண்டுவந்தார்.

ஓதக் குளம் எதற்கு? கடலிலிருந்து நேராக உலர்துறைக்குள் போகக் கூடாதா?

போகலாம், பல இடங்களில் போனார்கள். ஆனால் அலை அடிக்கும் வாசலில் இரண்டாயிரம் டன் கப்பலை இருபுறமும் ஒரு மீட்டர்கூட மிச்சமில்லாத இடைவெளிக்குள் நுழைப்பது பெரும் ஆபத்து. கப்பல் வெறுமனே அரை அடி எழும்பி விழுந்தாலும் ஏரா வாசற்படியில் மோதும்.

ஓதக் குளம் என்பது சுவர் கட்டி அடக்கிய நீர்ப்பரப்பு. கடலோடு வாய் திறந்திருப்பதால் ஓதம் ஏறும்போது அதுவும் ஏறும், வற்றும்போது வற்றும். ஆனால் அலை உள்ளே வராது. கப்பல் அங்கே காத்திருக்கும். பீரங்கி, வெடிமருந்து, குடிநீர்ப் பீப்பாய், அடிப்பாரம் எல்லாம் அங்கேயே இறங்கும். பாய்மரங்களைக் கழற்றுவதும் மாட்டுவதும் அங்கேதான். உலர்துறையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அடுத்த கப்பலின் நாள் என்பதால், குளத்தில் செய்ய முடிந்த எதையும் துறைக்குள் செய்ய மாட்டார்கள்.

குளத்துக்கு ஒரு குறை உண்டு. தாழ் ஓதத்தில் தண்ணீர் போதாவிட்டால் கப்பல் அடிச்சேற்றில் உட்காரும். சேறு மெத்தென்று சமமாக இருந்தால் பெரிய தொல்லை இல்லை. கல்லோ மேடோ இருந்தால் ஏராவில் ஒரே இடத்தில் பாரம் விழும். அதனால் பெரிய கப்பல் வரும் இடங்களில் குளத்தின் வாயிலும் கதவு வைத்து, உயர் ஓதத்தின் நீரை உள்ளேயே பிடித்து வைத்தார்கள். போர்ட்ஸ்மத்தின் பெரிய குளம் அப்படிப்பட்டது. அதைச் சுற்றிலும் உலர்துறைகள் திறக்கின்றன. குளத்து நீர் ஒரே மட்டத்தில் நிற்பதால், வெளியே ஓதம் எந்த நிலையில் இருந்தாலும் உள்ளே கப்பலை ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தலாம். ஆனால் அந்த வசதிக்கு விலை உண்டு. குளத்து நீர் வற்றாததால் துறையின் தண்ணீரைத் திறந்துவிட இடமில்லை. துறைகளின் நீரை நிலத்தடித் தொட்டியில் வடித்து, அங்கிருந்து இறைத்தார்கள். முதலில் குதிரைகளும், 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலிருந்து நீராவி இயந்திரமும் அந்த வேலையைச் செய்தன.

ஓதம் எவ்வளவு வேலையைச் செய்யும்? பம்பு எவ்வளவு செய்யும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த எண்கள் குறிப்பிட்ட ஒரு துறையுடையவை அல்ல. இந்த வகைத் துறைக்குப் பொருந்தும்படி எடுத்துக்கொண்டவை.

கப்பல் 74 பீரங்கி வகை. நீளம் சுமார் 52 மீட்டர், அகலம் பதினான்கரை. சுமையெல்லாம் இறக்கிய பின் எடை 2,000 டன், தண்ணீருக்குள் 5 மீட்டர் ஆழம் இறங்கி நிற்கிறது. கட்டை அடுக்கு 1.2 மீட்டர். ஏராவுக்கும் கட்டைக்கும் நடுவே 30 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். மொத்தம் கூட்டினால் துறையின் தரைக்கு மேல் ஆறரை மீட்டர் தண்ணீர் தேவை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கே ஓதம் நாலரை மீட்டர் ஏறி இறங்குகிறது என்று வைப்போம்.

உயர் ஓதத்தில் ஆறரை மீட்டர் இருந்தால் தாழ் ஓதத்தில் கடல் மட்டம் தரைக்கு மேல் 2 மீட்டரில் நிற்கும். அதாவது கதவின் அடியில் உள்ள மதகைத் திறந்து வைத்தாலே நாலரை மீட்டர் தண்ணீர் தானாக வெளியேறிவிடும், யாரும் கை வைக்க வேண்டியதில்லை. மீதி 2 மீட்டரைத்தான் இறைக்க வேண்டும். துறை 60 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம் என்றால் அது ஏறத்தாழ 2,160 கனமீட்டர். மணிக்கு 60 கனமீட்டர் இறைக்கும் சங்கிலிப் பம்பு ஒன்று ஓடினால் ஒன்றரை நாள். ஓதமே இல்லாத இடத்தில் இந்த வேலை மூன்று மடங்குக்கு மேல் ஆகியிருக்கும்.

அந்த இரண்டு மணி நேரத்தில் உண்மையில் என்ன நடக்கிறது?

இதே கப்பலைத் தொடர்வோம். உச்ச ஓதத்துக்குச் சற்று முன்னே கப்பலைக் கயிறுகளால் இழுத்து உள்ளே கொண்டுவருகிறார்கள். கதவு மூடுகிறது. துறையின் தலைமாட்டில் நட்ட குறியையும் கப்பலின் நடுக்கோட்டையும் நேர்செய்கிறார்கள். முன், பின், இருபுறமும் கயிறுகளைத் தளர்த்தியும் இழுத்தும் ஒரு விரல் கனத்துக்கு நகர்த்துவார்கள். கடல் இதற்கு அவகாசம் தருகிறது. உச்சத்தை அடுத்த முதல் மணி நேரத்தில் ஓதம் தன் மொத்த இறக்கத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் இறங்கும். நம் கணக்கில் அது 37 சென்டிமீட்டர். ஏராவுக்கும் கட்டைக்கும் விட்ட இடைவெளி 30. ஆக, அந்த மணி முடிவதற்குச் சற்று முன்பாக முதல் தொடுகை வரும்.

தொடுவது கப்பல் முழுதும் அல்ல, பின்முனை மட்டும். பாய்மரக் கப்பல்கள் பின்பக்கம் ஆழமாக இறங்கி மிதப்பவை. அதற்கேற்பக் கட்டை வரிசையையும் சற்றுச் சாய்வாக அமைப்பார்கள். ஆனாலும் முழுதும் பொருந்துவது அரிது. அரை மீட்டர் வித்தியாசம் இருந்தாலே, முன்பக்கம் வந்து அமரும்வரை பின்முனைக் கட்டையில் நாற்பது டன்னுக்கு மேல் நிற்கும். கடைசிக் கட்டை நசுங்கும் சத்தம் கேட்டால் கப்பலின் சாய்வைக் குளத்திலேயே சரிசெய்யாமல் கொண்டுவந்துவிட்டார்கள் என்று பொருள்.

இதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. கப்பல் நிமிர்ந்து மிதப்பதற்குக் காரணம் சுற்றியுள்ள தண்ணீர். கட்டை கீழிருந்து தாங்கத் தொடங்கியதும் அந்த நிமிர்த்தும் சக்தி குறைகிறது. ஏராவுக்குக் கீழே முளைக்கும் தாங்கல், கப்பலின் அடியிலிருந்து அதே அளவு பாரத்தை எடுத்துவிட்டதற்குச் சமம். நம் கப்பலில் தண்ணீர் 10 சென்டிமீட்டர் இறங்கும் ஒவ்வொரு முறையும் கட்டைகள் மேல் 60 டன் கூடுகிறது. ஏரா முழுதும் அமர்ந்த பின் ஏறத்தாழ முக்கால் மீட்டர் இறங்குவதற்குள் நிமிர்ந்து நிற்கும் தன்மை முழுவதும் தீர்ந்துபோகும். அதற்கு மேல் கப்பலைப் பிடித்திருப்பது முட்டு மரங்கள் மட்டுமே.

இரண்டாவது மணி நேரத்தில் ஓதம் இரண்டு பங்கு இறங்கும், அதாவது 75 சென்டிமீட்டர். ஆகவே ஏரா முழுதும் அமர்ந்த கணத்திலிருந்து முதல் வரிசை முட்டுகளை இறுக்க அவர்களுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. மதகு கையில் இருப்பதன் அருமை இங்கேதான். நேரம் போதாது என்று பட்டால் மதகை மூடிவிடலாம், வெளியே கடல் தன் பாட்டுக்கு வற்றும், உள்ளே தண்ணீர் அப்படியே நிற்கும். கதவில்லாத வெறும் கரையில் கப்பலைத் தட்டவைத்து வேலை பார்த்தவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

முட்டு மரங்களை எங்கே, எப்படி வைப்பார்கள்?

எதிரெதிராக, ஜோடி ஜோடியாக. இடப்பக்கம் ஒருவர் ஆப்பை அடிக்கும் அதே தாளத்தில் வலப்பக்கமும் அடி விழ வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் கப்பல் மறுபக்கம் சாயும்.

முட்டின் முனை வெறும் பலகையில் படக் கூடாது. உள்ளே தளத்தைத் தாங்கும் உத்தரமும் கப்பலின் விலா எலும்பான வங்குக் காலும் சேரும் இடத்துக்கு நேரே வெளியே படவேண்டும். அப்படிப் பட்டால் இருபுறத்து அழுத்தமும் உத்தரம் வழியாக ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும். இடையில் பட்டால் பக்கச்சுவர் உள்வாங்கும். உள்ளே நின்று பார்ப்பவருக்கு அது உடனே தெரியும்: தளப்பலகைக்கும் பக்கச்சுவருக்கும் நடுவிலுள்ள தார் விரிசல் விடும், கதவுகள் நிலையில் சிக்கும். முட்டு என்பது கப்பல் சாயாமல் பிடிப்பதற்கு. அதன் பாரத்தைத் தாங்குவதற்கு அல்ல. பாரம் ஏராவில் இருக்க வேண்டும்.

பழைய கப்பலின் ஏரா வளைந்திருந்தால்?

அநேகமாக எல்லாப் பழைய மரக்கப்பலும் வளைந்துதான் இருக்கும். கப்பலின் நடுப்பகுதி அகலமாக இருப்பதால் தண்ணீர் அங்கே அதிகம் தாங்குகிறது. முனைகள் ஒடுங்கியவை, அங்கே தாங்கல் குறைவு, ஆனால் பாரம் குறையாது. வருடக்கணக்கில் முனைகள் தொய்ந்து நடு மேலே எழும்பும். மரத்தோடு மரம் சேரும் ஆயிரக்கணக்கான இணைப்புகளில் ஒவ்வொன்றும் மயிரிழை அளவு நகர்ந்தாலே போதும்.

இப்படி வளைந்த ஏராவை நேர்கோடான கட்டை வரிசையில் இறக்கினால் இரண்டு முனைகள் மட்டும் தொடும், நடுப்பகுதி அந்தரத்தில் நிற்கும். பிறகு தன் எடையாலேயே நடு கீழே இறங்கும். மெதுவாக இறங்கினால் நல்லது. ஒரே ஓதத்தில் இறங்கினால் மரஆணிகள் முறியும், பலகை இடுக்குகள் வாய் பிளக்கும், அடியில் போர்த்திய செப்புத்தகடு வரிவரியாகச் சுருங்கி மடியும்.

ஆகவே கப்பல் உள்ளே வருமுன் வளைவை அளந்து, அதே வளைவில் கட்டைகளின் தலையைச் சீவி வைப்பார்கள். அளக்கும் முறை எளிது. தளத்தின் முன், நடு, பின் மூன்று இடங்களில் ஒரே உயரச் சட்டங்களை நிறுத்தி, ஒரு முனையிலிருந்து கண்ணால் பார்ப்பார்கள். நடுச்சட்டம் எவ்வளவு மேலே தெரிகிறதோ அவ்வளவு வளைவு. கப்பல் அமர்ந்த பிறகும் அதே சட்டங்களைப் பார்ப்பார்கள். நடுச்சட்டம் இறங்கியிருந்தால் கப்பலின் உடல் அவ்வளவு நெளிந்திருக்கிறது.

அமெரிக்காவின் பாஸ்டனில் உள்ள கான்ஸ்டிடியூஷன் என்ற பழைய போர்க்கப்பலில் இது நம் காலத்திலேயே நடந்தது. சார்ல்ஸ்டவுன் கப்பற்தளத்தின் முதல் உலர்துறை 1833 ஜூன் 24 அன்று திறந்தபோது உள்ளே வந்த முதல் கப்பல் அதுதான். அதே துறைக்கு 1992இல் மறுபடி வந்தபோது அதன் ஏரா ஓரடிக்கும் மேல் வளைந்திருந்தது. வளைவுக்கேற்ற கட்டைகளில் அமரவைத்து, உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கப்பலின் சொந்த எடையாலேயே ஏராவை நேராக்கினார்கள். பிறகு அது மறுபடி வளையாமல் இருக்க, கட்டியபோது வைத்துப் பிற்காலத்தில் எடுத்துவிட்டிருந்த குறுக்குச் சாய்வு மரங்களை உள்ளே மீண்டும் பொருத்தினார்கள். எனக்கு உலர்துறையின் மேல் மதிப்பு வரக் காரணமான விஷயங்களில் இது முக்கியமானது. அங்கே பழுதுபார்த்தது கையும் கருவியும் மட்டுமல்ல, கப்பலின் எடையும் காலமும் கூட.

ஏராவே கட்டை மேல் உட்கார்ந்திருக்கும்போது ஏராவை எப்படிப் பழுதுபார்ப்பது?

நல்ல கேள்வி. நெடுங்காலம் இதற்குக் கிடைத்த ஒரே விடை, நூற்றுக்கணக்கானவர்களைத் திரட்டி ஆப்பு அடித்துக் கப்பலையே மேலே தூக்குவது. அதில் கப்பலும் அடிபடும், நாளும் போகும்.

1800 வாக்கில் இங்கிலாந்தின் பிளிமத் தளத்தில் ராபர்ட் செப்பிங்ஸ் என்ற ஓடாவி அதைத் தலைகீழாக யோசித்தார். கப்பலைத் தூக்குவதற்குப் பதில் கட்டையை இறக்கினால் என்ன? அவர் அமைத்த ஒவ்வொரு அடுக்கும் மூன்று துண்டுகள். ஏராவைத் தாங்கும் நடுத்துண்டின் அடிப்பக்கம் இருபுறமும் சரிந்திருக்கும். அந்தச் சரிவுகளுக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஆப்புகள். உரசும் முகங்களில் இரும்பு. சரிவின் கோணம், மேலே எவ்வளவு பாரம் இருந்தாலும் ஆப்புகள் தாமாக நழுவாத அளவுக்குச் சிறியது, தூலத்தால் ஓங்கி இடித்தால் வெளியே வரும் அளவுக்குப் பெரியது. இரண்டு ஆப்புகளையும் இடித்துத் தள்ளினால் நடுத்துண்டு கீழே இறங்கும். அந்த இடத்தில் ஏரா வெறுமையாகும். வேலை முடிந்ததும் ஆப்புகளை மறுபடி உள்ளே இடித்து ஏற்றிவிடலாம்.

பக்க முட்டுகளில் பாரத்தைக் கொஞ்ச நேரம் தாங்கவைத்து, ஏராவின் அடியிலுள்ள காப்பு மரம் முழுவதையும் ஒரே முறையில் மாற்றவும் இதனால் முடிந்தது. கப்பல் அசையவே இல்லை.

துறைக்குள் இருக்கும்போது என்னென்ன வேலை நடக்கும்?

முதலில் பார்வை. கப்பற்புழு தின்ற பலகை வெளியே ஊசித்துளை போலத்தான் காட்டும், உள்ளே விரல் நுழையும் குடைவு இருக்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று பேசும், உளுத்தது மந்தமாகக் கேட்கும். சந்தேகமான இடத்தில் துளையூசியால் துளைத்து, வரும் சீவலைப் பார்ப்பார்கள். சுருள் சுருளாக வந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. கறுத்து ஈரமான தூளாக வந்தால் அந்தப் பலகை போக வேண்டும்.

அடுத்து கலப்பத்து. பலகை இடுக்குகளை இரும்பால் திறந்து, தார் தோய்த்த நார்த்திரியை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து இறுக்கி, மேலே கொதிக்கும் கீலை ஊற்றுவது. அடி போதுமா என்று கையைவிடக் காதுக்கு நன்றாகத் தெரியும். திரி இறுகியதும் சுத்தியலின் சத்தம் மாறும், இரும்பு கையில் துள்ளும்.

செப்புத்தகடு வந்த காலத்துக்கு முன் அடிப்பாசியையும் பழைய தாரையும் எரித்து எடுப்பது வழக்கம். உலர்ந்த நாணல் கட்டுகளைக் கொளுத்தி அடியில் காட்டினால் தார் இளகும், சுரண்டிவிட்டுப் புதிது பூசலாம். மரக்கப்பலுக்கு அடியில் தீ என்பதால் பக்கத்திலேயே தண்ணீரோடு ஆட்கள் நிற்பார்கள்.

புதுக்கப்பலை உலர்துறையில் கட்டுவது நல்லதா, சரிவுத்தளத்தில் கட்டி வழுக்கிவிடுவதா?

கப்பலுக்கு உலர்துறைதான் நல்லது. சரிவிலிருந்து வழுக்கும் கப்பலின் பின்பக்கம் முதலில் மிதக்கத் தொடங்கும்போது முன்பக்கம் இன்னும் சரிவில் இருக்கிறது. அந்தச் சில நொடிகளில் முழுக் கப்பலும் இரண்டு முனைகளில் தொங்குகிறது. பெரிய கப்பல்களின் உடல் பிறக்கும்போதே சற்று நெளிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். உலர்துறையில் தண்ணீர் எல்லா இடத்திலும் சமமாக ஏறும், கப்பல் இருந்த இடத்திலேயே எழும்பும்.

செலவுதான் தடை. விக்டரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் ஏராவை இங்கிலாந்தின் சாத்தம் தளத்தின் ஒரு உலர்துறையில் 1759 ஜூலை 23 அன்று இட்டார்கள். மிதந்து வெளியே வந்தது 1765 மே 7. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் அந்தத் துறையில் வேறு பெரிய கப்பல் எதையும் பழுதுபார்க்க முடியவில்லை. அந்த இடைவெளியில் வங்குச் சட்டம் வெயிலிலும் காற்றிலும் நின்று நன்கு பதப்பட்டது. அந்தக் கப்பல் இன்றும் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். ஆனால் எல்லாக் கப்பலுக்கும் இப்படித் துறையை ஒதுக்க எந்தக் கடற்படைக்கும் முடியாது.

பம்பாயில் வாடியா குடும்பத்து ஓடாவிகள் தேக்கில் கட்டிய போர்க்கப்பல்களும் உலர்துறைகளைச் சுற்றி வளர்ந்த தளத்திலிருந்து வந்தவையே. 1817இல் அங்கே நீரில் இறங்கிய டிரிங்கோமலி இன்றும் மிதக்கிறது. அந்தத் தளத்தின் பழைய மூன்று துறைகள் ஒன்றின்பின் ஒன்றாக ஒரே வரிசையில் இருந்தன. உள்ளே இருக்கும் கப்பல் வெளியேற வேண்டுமானால் முன்னால் உள்ள துறை காலியாக வேண்டும். இடத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு, ஆனால் எந்தக் கப்பலை எங்கே விடுவது என்பதை மாதக்கணக்குக்கு முன்பே யோசிக்க வேண்டும்.

ஓதத்தைத் தவறவிட்டால்?

அன்றைய நாளின் அடுத்த உயர் ஓதம் பன்னிரண்டரை மணி நேரம் கழித்து வரும், பிரச்சினை இல்லை. ஆனால் பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் கழித்துத் தவறவிட்டால் கதை வேறு. அன்றிலிருந்து ஒவ்வொரு ஓதமும் முந்தையதைவிடத் தாழ்வாக இருக்கும். அஷ்டமியை ஒட்டி மிகச் சிறியதாகி, பிறகு மெல்ல வளர்ந்து அமாவாசைக்குத்தான் பழைய உயரம் வரும். வாசற்படிக்கு மேல் கால் மீட்டர் தண்ணீர் குறைந்தாலும் கப்பல் உள்ளேயே இரண்டு வாரம் சிறைப்படும். தளத்துத் தலைமை ஓடாவி பஞ்சாங்கத்தையும் வேலைப்பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இதனால்தான்.

வெளியே விடும் நாளிலும் அவசரப்படக் கூடாது. தண்ணீரை முதலில் ஏராவுக்குச் சற்று மேல் வரை விட்டு மதகை மூடுவார்கள். விளக்கோடு அடித்தளத்தில் ஆட்கள் இறங்கிக் கசிவு தேடுவார்கள். கப்பல் மிதக்கும் முன் கண்டுபிடித்த கசிவை, தண்ணீரை வடித்து அடைக்கலாம். மிதந்த பிறகு கண்டுபிடித்தால் முழு வேலையும் முதலிலிருந்து.

ஓதமே ஏறி இறங்காத கடலில் என்ன செய்தார்கள்?

மத்தியதரைக் கடலில் ஓதம் சில சாண் அளவுதான். அங்கே நெடுங்காலம் கப்பலைச் சாய்த்தே பழுதுபார்த்தார்கள். பாய்மரத்தில் கயிறு கட்டி இழுத்து ஒரு பக்கம் கிடத்தினால் மறுபக்கத்து அடிப்பாகம் வெளியே வரும். கப்பலுக்கு அது கொடிய தண்டனை, மேலும் ஏராவைச் சரியாக அணுகவும் முடியாது.

பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் அந்துவான் குரோஞ்ஞார் என்ற பொறியாளர் 1774 முதல் 1778 வரை ஓர் உலர்துறை அமைத்தார். சேற்றுத் தரையில் பள்ளம் வெட்டிக் காயவைப்பது நடக்காது என்பதால், ஒரு பிரமாண்டமான மரப்பெட்டியைக் கட்டி மிதக்கவிட்டு, அந்த இடத்துக்குக் கொண்டுவந்து மூழ்கவைத்து, அதற்குள் கல்துறையைக் கட்டினார். தண்ணீர் முழுவதையும் இறைத்தே தீர வேண்டும். அந்தப் பம்புகளைச் சுழற்றியவர்கள் சங்கிலியிட்ட கைதிகள். ஓதம் செய்யாத வேலையை அவர்களின் முதுகுகள் செய்தன.

கப்பல் உலர்துறையில் எவ்வளவு காலம் இருக்கலாம்?

பழுதுக்குத் தேவையான காலத்துக்கு மேல் ஒரு நாளும் வேண்டாம். மரம் காய்ந்து சுருங்கும், நேற்று இறுக்கிய கலப்பத்து இன்று தளரும். வெயில் காலத்தில் பக்கங்களில் தண்ணீர் தெளித்து ஈரமாக வைப்பார்கள்.

நிரந்தரமாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு விக்டரியே சாட்சி. 1922 முதல் அது போர்ட்ஸ்மத்தின் 2ஆம் எண் உலர்துறையில் நிற்கிறது. சுமை சில தாங்கிகளில் மட்டும் குவிந்ததால், நூறாண்டு நெருங்கும்போது உடல் மெல்லத் தொய்ந்து கொண்டிருப்பது அளவீட்டில் தெரிந்தது. பழைய தாங்கிகளை எடுத்துவிட்டு, தண்ணீர் ஒரு காலத்தில் தாங்கியது போலப் பாரத்தைப் பரப்பித் தாங்கும்படி 134 எஃகு முட்டுகளை வைத்தார்கள். ஒவ்வொன்றின் உயரத்தையும் தனித்தனியே ஏற்றி இறக்கலாம், ஒவ்வொன்றும் எவ்வளவு சுமக்கிறது என்பதையும் கருவி காட்டும். ஒரு முட்டில் பாரம் கூடினால் பக்கத்து முட்டைச் சற்று ஏற்றி அதைப் பகிர்ந்துகொள்ள வைக்கிறார்கள்.